பழைய பைக்குக்கு ஒரு மூலப் பிரதி: நோட்பேடில் விற்பனை விளம்பரம் தயாரிப்பது எப்படி?

வீட்டில் இருக்கும் பழைய பைக்கை விற்க வேண்டும் என்றால் ஒரே விளம்பரத்தை நான்கைந்து இடங்களில் கொடுக்க வேண்டியிருக்கிறது. இணைய விளம்பரத் தளம் ஒன்று, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு ஒன்று, அலுவலக நோட்டீஸ் போர்டு ஒன்று, மெக்கானிக் கடைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பிரிண்ட் அவுட். ஒவ்வொரு முறையும் புதிதாக டைப் செய்தால் ஓரிடத்தில் டயர் தேய்ந்ததைச் சொல்லியிருப்போம், இன்னோரிடத்தில் மறந்திருப்போம். ஓரிடத்தில் ஒரு விலை, மற்றோரிடத்தில் வேறு விலை. இரண்டையும் பார்த்த ஒருவர் போன் செய்தால் நமக்குப் பதில் இருக்காது.

இதற்கு எளிய வழி, மூலப் பிரதி ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்வது. வண்டியைப் பற்றிய மாறாத விவரங்களை அதில் ஒரே முறை, உள்ளது உள்ளபடி எழுதிவிட வேண்டும். விலை, தொடர்பு எண் போல இடத்துக்கு இடம் மாறுகிற விவரங்களுக்குக் குறியிட்ட காலி இடம் விட வேண்டும். விளம்பரம் கொடுக்கும் நேரத்தில் அந்த இடங்களை மட்டும் நிரப்பினால் போதும். இதற்குத் தனியாக எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். விண்டோஸுடன் வரும் நோட்பேட் போதும்.

பாடத்துக்கு ஓர் உதாரண வண்டியை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் பதிவான 2017ஆம் வருட ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ். வாங்கியது முதல் ஒருவரே ஓட்டியிருக்கிறார். அவரை நம் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் நம் வீட்டில் இருப்பதால் டைப் செய்யும் வேலை நம்மிடம் வந்திருக்கிறது.

"சூப்பர் கண்டிஷன்" என்றால் என்ன?

பெரியப்பா முதலில் எழுதிக் கொடுத்த வாசகம் இது: "சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன், ஒரு ரூபாய் செலவு இல்லை, நல்ல மைலேஜ்." இதில் "சிங்கிள் ஓனர்" மட்டுமே ஆர்.சி.யைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செய்தி. மற்ற மூன்றும் ஊரில் விற்கிற எல்லா வண்டிக்கும் எழுதப்படுகிறவை. அதனால் வாங்குபவர் அவற்றைப் படிப்பதே இல்லை.

ஒவ்வொரு குறையையும் மூன்று பகுதியாக எழுதுங்கள். எந்தப் பாகம், அது எப்படித் தெரிகிறது, என்ன செய்தால் சரியாகும். இந்த மூன்றும் இருந்தால் படிப்பவர் வீட்டிலிருந்தபடியே செலவைக் கணக்கிட்டுவிடுவார். இதை எழுத நாம் வண்டி அருகே போய் அரை மணி நேரம் செலவிட வேண்டும். பெரியப்பாவின் வண்டியில் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் டயர். டயரின் பட்டன்களுக்கு இடையில் உள்ள பள்ளத்தில், அங்கங்கே குறுக்காகச் சிறு மேடு இருக்கும். அந்த மேடு எங்கே இருக்கிறது என்று காட்ட டயரின் பக்கவாட்டில் TWI என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ அச்சிட்டிருப்பார்கள். பட்டன் தேய்ந்து இந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இந்த வண்டியில் முன் டயர் நன்றாக இருக்கிறது, பின் டயர் மேட்டைத் தொட்டுவிட்டது. ஆகவே "டயர் சுமார்" என்று எழுதக் கூடாது. "பின் டயர் தேய்மானக் குறி வரை வந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்" என்று எழுத வேண்டும். மழை நாளில் இந்த டயரோடு பிரேக் பிடிப்பவர் வாங்கியவர்தான். இதை மறைத்து விற்றால் போவது பணம் மட்டுமல்ல.

அடுத்தது முன் ஃபோர்க். வெள்ளியாக மின்னும் குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலைப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தி எடுங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. பெரியப்பா வண்டியில் வலது பக்கம் மட்டும் தெரிந்தது. பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்பக்கம் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போல ஒரு பிடிப்பு இருந்தால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. இந்த வண்டியில் அந்தப் பிடிப்பு இல்லை. இல்லை என்பதும் எழுத வேண்டிய செய்திதான். ஆனால் சோதித்துப் பார்த்த பிறகுதான் அதை எழுதலாம்.

மூன்றாவது இன்ஜின். இதை இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸரில் நீல நிறப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் லேசான வெண்புகை சிறிது நேரம் வந்து நின்றுவிட்டால் அது நீராவி, பயப்பட வேண்டாம். இந்த வண்டியில் நீலப் புகை இல்லை. ஆனால் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, கிக்கரில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு பேட்டரிதான் காரணம் என்றார். ஆக "செல்ஃப் ஸ்டார்ட் உண்டு" என்று எழுதினால் பாதி உண்மை. "காலையில் செல்ஃப் எடுக்காது, பேட்டரி மாற்ற வேண்டும், கிக்கரில் ஸ்டார்ட் ஆகும்" என்பது முழு உண்மை.

நான்காவது மைலேஜ். ஷோரூமில் சொன்ன கணக்கை எழுத வேண்டாம், அளந்து எழுதுங்கள். டேங்கை மூடி வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பின், அதே பங்க்கில் அதே அளவு வரை மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இங்கே 186 கிலோமீட்டர் ஓடியது, 3.3 லிட்டர் பிடித்தது. விண்டோஸ் கால்குலேட்டரில் 186/3.3 என்று வகுத்தால் 56.36 வருகிறது. விளம்பரத்தில் "ஊருக்குள் லிட்டருக்கு சுமார் 56, டேங்க் நிரப்பி அளந்தது" என்று எழுதலாம்.

மீட்டர் சொல்லாத கிலோமீட்டர்

பலரும் எழுதத் தயங்கும் விவரம் ஒன்று இருக்கிறது. இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர், முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிளால் ஓடுகிறது. கேபிள் அறுந்தால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. பெரியப்பாவின் வண்டியில் 2021இல் ஏறக்குறைய நான்கு மாதம் கேபிள் அறுந்தே இருந்தது. வீட்டிலிருந்து கடைக்குப் போய்வர தினமும் 18 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்று வைத்தால் நான்கு மாதத்துக்கு 18 × 25 × 4 = 1,800 கிலோமீட்டர். மீட்டர் காட்டுவதைவிட உண்மையான ஓட்டம் இவ்வளவு கூடுதல்.

"இதை எழுதினால் மீட்டரைத் திருத்திய வண்டி என்று நினைப்பார்களே?" என்று பெரியப்பா கேட்டார். எழுதாவிட்டால்தான் அப்படி நினைப்பார்கள். முன் சக்கரத்துக்குப் புது கேபிள் வருவதை நல்ல மெக்கானிக் பார்த்த உடனே கண்டுபிடிப்பார். விளம்பரத்திலேயே எந்த ஆண்டு, எத்தனை மாதம், சுமார் எவ்வளவு கிலோமீட்டர் என்று இருந்தால் அது ஒரு விவரம். வண்டியைப் பார்க்க வந்த இடத்தில் அவரே கண்டுபிடித்தால் அது ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம் கேபிளோடு நிற்காது. இன்ஜின், ஆர்.சி. என்று நீங்கள் சொன்ன எல்லாவற்றின் மேலும் பரவிவிடும்.

விழுந்த கதையும் இப்படித்தான். 2019இல் இடது பக்கம் ஒரு முறை சாய்ந்து விழுந்ததில் டேங்கில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒடுக்கு இருக்கிறது. இடது இண்டிகேட்டர் மாற்றப்பட்டது. ஃபோர்க் வளையவில்லை. இந்த மூன்று வாக்கியமும் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும்.

கோப்பை உருவாக்குவோம்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து notepad என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். தமிழ் கீபோர்டு ஏற்கெனவே சேர்த்திருந்தால் விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறலாம்.

எழுதத் தொடங்கும் முன்பே கோப்பைச் சேமித்துவிடுங்கள். File மெனுவில் Save as எடுத்து, vandi-moolam.txt என்று பெயர் கொடுங்கள். அந்த விண்டோவின் கீழே Encoding என்ற இடத்தில் UTF-8 இருக்கிறதா என்று பாருங்கள். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிய கோப்புக்கு இதுவே தானாக வருகிறது. அதற்கு முந்தைய விண்டோஸில் ANSI என்று இருக்கும். அப்படியே சேமித்தால் அடுத்த முறை திறக்கும்போது தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக நிற்கும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட பின் அந்த எழுத்துகளைத் திரும்பப் பெற வழியில்லை.

இனி காலி இடங்களுக்கான குறி. வெறும் புள்ளிகள் வைத்தாலோ, அடைப்புக்குறிக்குள் "விலை" என்று எழுதினாலோ பிறகு தேடும்போது குழப்பம் வரும். சாதாரண விளம்பரத்தில் வேறெங்கும் வராத குறியாக இருக்க வேண்டும். இரண்டு ஹேஷ் குறிகளை முன்னும் பின்னும் வைப்போம். ஆங்கிலக் கீபோர்டில் ஷிஃப்ட்டுடன் 3 அழுத்தினால் ஹேஷ் வரும். இதோ நம் மூலப் பிரதி:

```
ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2017, ஈரோடு பதிவு
ஒரே உரிமையாளர். மீட்டர்: ##மீட்டர்## கி.மீ. (##நாள்## அன்று)
2021இல் 4 மாதம் கேபிள் அறுந்திருந்தது.
அதனால் உண்மை ஓட்டம் சுமார் 1,800 கி.மீ. கூடுதல்.

செலவு உள்ளவை:
பின் டயர்: தேய்மானக் குறி வரை வந்துவிட்டது. மாற்ற வேண்டும்.
வலது ஃபோர்க்: எண்ணெய்க் கசிவு. ஆயில் சீல் மாற்ற வேண்டும்.
பேட்டரி: காலையில் செல்ஃப் எடுக்காது. கிக்கரில் ஸ்டார்ட் ஆகும்.

2019இல் இடப்பக்கம் விழுந்தது. டேங்கில் 2 விரல் ஒடுக்கு.
இடது இண்டிகேட்டர் மாற்றப்பட்டது. ஃபோர்க் வளையவில்லை.
இன்ஜின் இதுவரை திறக்கவில்லை. நீலப் புகை இல்லை.
மைலேஜ் ஊருக்குள் சுமார் 56 (டேங்க் நிரப்பி அளந்தது).

ஆர்.சி. அசல் உண்டு. கடன் இல்லை. அபராதம் பாக்கி இல்லை.
மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், ##காப்பீடு## வரை.
பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்டே வண்டி தரப்படும்.

விலை: ரூ. ##விலை## (மேற்கண்ட செலவைக் கழித்த விலை)
தொடர்புக்கு: ##எண்##, ##நேரம்## மட்டும்
```

காலி இடமாக விட்டவை ஆறு: மீட்டர், நாள், காப்பீடு, விலை, எண், நேரம். இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். இவை இன்று ஒன்றாகவும் அடுத்த மாதம் வேறாகவும் இருக்கும், அல்லது விளம்பரம் போகும் இடத்தைப் பொறுத்து மாறும். வண்டி விற்கும் வரை பெரியப்பா அதை ஓட்டிக்கொண்டுதான் இருப்பார், மீட்டரும் ஏறிக்கொண்டே இருக்கும். டேங்கில் உள்ள ஒடுக்கு மாறாது. அதனால் அது நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. இடையில் பேட்டரியை மாற்றிவிட்டால் மூலப் பிரதியிலேயே அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூலப் பிரதி முடிந்ததும் அதற்குப் பூட்டுப் போடுவோம். நோட்பேடை மூடுங்கள். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து Properties எடுத்து, Read-only என்ற கட்டத்தில் டிக் செய்து OK கொடுங்கள். இனி அவசரத்தில் Ctrl+S அழுத்தினாலும் விண்டோஸ் இதே கோப்பின் மேல் சேமிக்க விடாது. மூலப் பிரதியைத் திருத்த வேண்டும் என்றால் மட்டும் அந்த டிக்கை எடுங்கள்.

நிரப்பும் முறை

மெக்கானிக் கடைச் சுவருக்கு ஒரு பிரதி தயாரிப்போம். மூலப் பிரதியைத் திறந்து, முதல் வேலையாக Save as மூலம் vandi-kadai.txt என்று வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு Ctrl+H அழுத்துங்கள். இரண்டு பெட்டிகள் தோன்றும். மேல் பெட்டியில் தேட வேண்டியது ##விலை##. கீழ்ப் பெட்டியில் அதற்குப் பதிலாக வர வேண்டிய தொகை. Replace all கிளிக் செய்தால் தொகை அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். மற்ற ஐந்துக்கும் இதையே செய்யுங்கள்.

மேல் பெட்டியில் ஹேஷ் இல்லாமல் "விலை" என்று மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? கடைசிப் பகுதியில் "விலை: ரூ." என்று தொடங்கும் வரியிலும், "கழித்த விலை" என்ற இடத்திலும்கூட தொகை போய் உட்கார்ந்துவிடும். ஹேஷ் குறிகள் இருப்பதே இதைத் தடுக்கத்தான். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே Ctrl+Z அழுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும்.

தமிழில் தேடும்போது ஒரு சிக்கல் வருவதுண்டு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் "கொ", "போ" போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒன்றில் ஒற்றைக் குறியாக இருக்கும். மற்றொன்றில் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும். வேறு கீபோர்டில் டைப் செய்தால் திரையில் அதே சொல் தெரியும், ஆனால் தேடலில் கிடைக்காமல் போகலாம். இதைத் தவிர்க்கத்தான் நம் ஆறு சொற்களிலும் இந்த எழுத்துகள் வராமல் பார்த்துக்கொண்டோம். நீங்கள் வேறு சொல் வைத்தால் தேடல் பெட்டியில் மறுபடி டைப் செய்யாதீர்கள். மூலப் பிரதியிலிருந்தே அதை காப்பி செய்து ஒட்டுங்கள்.

எல்லாம் நிரப்பிய பின் கடைசிச் சோதனை. Ctrl+F அழுத்தி, ## என்று மட்டும் கொடுத்துத் தேடுங்கள். எங்கும் இல்லை என்று நோட்பேட் சொன்னால் பிரதி தயார். எங்காவது நின்றால் அந்த இடம் இன்னும் காலி. விலைக்குப் பதிலாக ஹேஷ் குறியோடு அச்சாகி ஒட்டப்படும் தாளைத் தடுப்பது இந்த ஐந்து நொடிச் சோதனைதான்.

விலை ஏன் கடைசியில்?

விலையை முதலில் மனதில் வைத்துக்கொண்டு எழுதினால், அந்த விலைக்குத் தகுந்தபடி குறைகள் சுருங்கிவிடும். குறைகளை எழுதி முடித்த பிறகு விலைக்கு வந்தால் கணக்கு நேராக இருக்கும்.

இதே வருடம், ஏறக்குறைய இதே ஓட்டம் உள்ள மூன்று நான்கு வண்டிகளுக்கு உங்கள் ஊரில் என்ன விலை கேட்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் உள்ள தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக அது 32,000 ரூபாய் என்று வைப்போம். டயர், ஆயில் சீல், பேட்டரி மூன்றையும் கூலியோடு மாற்ற எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவர் 4,600 என்கிறார் என்று வைப்போம். கழித்தால் 27,400 ரூபாய். இதுவே ##விலை## என்ற இடத்தில் வரும் தொகை.

"நாமே குறைத்துச் சொன்னால், வருகிறவன் இன்னும் குறைப்பானே?" என்பது பெரியப்பாவின் அடுத்த கேள்வி. குறைப்பார்தான். ஆனால் பேரம் எதை வைத்து நடக்கிறது என்று பாருங்கள். 32,000 சொல்லிவிட்டு உட்கார்ந்தால், வருபவர் டயரைக் காட்டி மூவாயிரம், ஃபோர்க்கைக் காட்டி இரண்டாயிரம், கேபிளைக் காட்டி நாலாயிரம் என்று தன் மனக்கணக்கில் வெட்டுவார். குறைகள் ஏற்கெனவே எழுத்தில் இருந்து, அவற்றின் செலவும் கழிந்திருந்தால், "அதைத்தான் கழித்துவிட்டோமே" என்று தாளைக் காட்டலாம். தெருவில் உள்ளவர்களுக்கு ஒரு விலை, தளத்தில் பேரத்துக்கு இடம் வைத்து ஒரு விலை என்று நீங்கள் கொடுக்க விரும்பினாலும், பிரதிக்குப் பிரதி மாறுவது அந்த ஓர் இடம் மட்டும்தான்.

எண் எங்கெல்லாம் போகிறது?

தொடர்பு எண்ணைக் காலி இடமாக வைப்பதற்குக் காரணம் வேறு. விலையைப் பிறகு மாற்றலாம். வெளியே போன எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. மூலப் பிரதியில் எண் இல்லாவிட்டால், அதை "கொஞ்சம் பார்த்துத் திருத்திக் கொடு" என்று யாருக்கு அனுப்பினாலும் எண் போகாது. இணையத் தளத்தில் விளம்பரத்துக்குள்ளேயே செய்தி அனுப்பும் வசதி இருந்தால் ##எண்## என்ற இடத்தில் "தளத்தின் வழியாகச் செய்தி அனுப்பவும்" என்று நிரப்பலாம். கடைச் சுவரில் எண் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எண் எழுதாவிட்டாலும் அனுப்பியவரின் எண் உறுப்பினர்களுக்குத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

யாருடைய எண் என்பதையும் யோசியுங்கள். வண்டியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவரின் எண் வேண்டும். பெரியப்பா பகலில் கடையில் இருப்பார் என்றால் ##நேரம்## என்ற இடத்தில் "மாலை 6 முதல் 8 வரை" என்று நிரப்பலாம். வீட்டு முகவரியை விளம்பரத்தில் எழுத வேண்டாம். பேசிய பிறகு, பகலில், மெக்கானிக் கடையிலேயே வண்டியைக் காட்டலாம்.

எண் வெளியே போனதும் வருகிற அழைப்புகளில் ஒருவகை உண்டு. வண்டியைப் பார்க்காமலேயே, பேரம் பேசாமலேயே, "முழுப் பணமும் இப்போதே அனுப்புகிறேன்" என்பார்கள். பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, பணம் வர அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். இவ்வளவு குறைகளை எழுதிய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு குறையைப் பற்றியும் கேட்காதவர் வண்டி வாங்க வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

காகிதங்கள் பற்றிய மூன்று வரிகள்

மூலப் பிரதியில் காகிதங்கள் பற்றி எழுதியவற்றையும் சரிபார்த்தே எழுத வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால், தவணை முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமல் இருக்கக்கூடும். அதை நீக்க நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். அது முடியாமல் "கடன் இல்லை" என்று எழுதாதீர்கள். அபராத பாக்கியை echallan.parivahan.gov.in என்ற அரசுத் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். காப்பீடு வெறும் மூன்றாம் நபர் காப்பீடா, வண்டிக்கும் சேர்த்தா என்பதை பாலிசியைப் பார்த்து எழுதுங்கள். "இன்சூரன்ஸ் உண்டு" என்ற இரண்டு சொற்கள் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும்.

பெயர் மாற்றம் பற்றிய வரி விற்பவரின் பாதுகாப்புக்காக உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். படிவம் 29உம் படிவம் 30உம் இதற்கானவை. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பொறுப்பில் விட்டுவிடுகிற பழக்கம் நம் ஊரில் அதிகம். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கார் பல கைகள் மாறியிருந்தது, பதிவு மட்டும் மாறவில்லை. விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் இருந்தவர் மீதே வந்தது. தேய்ந்த பின் டயரோடு போகும் வண்டி பெரியப்பாவின் பெயரிலேயே ஓடக் கூடாது. ஆகவே அந்த வரியை விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் அதைப் படித்தவுடன் தாமாகவே விலகிவிடுவார்கள்.

வண்டி விற்றதும் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று இருக்கிறது. விளம்பரம் போன இடங்களை எல்லாம் மூலப் பிரதியின் கடைசியில் குறித்து வைத்திருந்தால் இது சுலபம். (பிரதி எடுக்கும்போது அந்தக் குறிப்பை மட்டும் நீக்கிவிடுங்கள்.) தளத்தில் உள்ளதை நீக்குங்கள், சுவரில் உள்ள தாளைக் கிழியுங்கள், குழுவில் "விற்றுவிட்டது" என்று எழுதுங்கள். நிரப்பிய பிரதிகளை அழித்துவிடலாம். மூலப் பிரதியை மட்டும் அழிக்காமல் வையுங்கள். என்ன நிலையில், என்னென்ன சொல்லி வண்டியைக் கொடுத்தோம் என்று பிறகு ஒருவர் கேட்டால் எடுத்துக் காட்டக் கையில் இருப்பது அதுதான்.